மூலையில் மடக்கு பிராக்கெட்: டிவியை எவ்வளவு தூரம் வெளியே இழுக்கலாம்?

பத்மநாபபுரத்தான் | ஜூன் 8, இரவு 9.12

தக்கலைப் பக்கம் பழைய வீடு. வெட்டுக்கல் சுவர், மேலே சிமெண்ட் பூச்சு. ஹால் மூலையில் 55 இன்ச் டிவி மாட்டணும். ஸ்டாண்ட் இல்லாம 15 கிலோன்னு கையேட்டில் இருக்கு. அகலம் 123 செ.மீ. சோபாவிலிருந்தும் தெரியணும், சாப்பாட்டு மேசையிலிருந்தும் தெரியணும். அம்மைக்கு முட்டு வலி, சோபாவில் இருந்தா எழும்ப முடியாது, மேசை பக்கத்து நாற்காலியில்தான் இருப்பாவ. அதனால மூலைக்குக் குறுக்கே திருப்பி வைக்கிற மாதிரி ஸ்விவல் பிராக்கெட் பார்த்தேன். கை 70 செ.மீ. வெளியே வரும், 45 கிலோ தாங்கும்னு பெட்டியில் போட்டிருக்கு. மூலையிலிருந்து 15 செ.மீ. தள்ளி பிளேட் அடிக்கலாம்னு நினைக்கேன். 70 முழுசும் இழுத்தா சுவர் தாங்குமா?

ஒழுகினசேரி | ஜூன் 8, இரவு 9.40

டிவி 15, பிராக்கெட் 45. மூணு மடங்கு இருக்கு, பின்ன என்ன பயம்? எங்க வீட்டில் 43 இன்ச் வருஷக்கணக்கா தொங்குது. நல்ல ஆங்கர் போல்ட்டா நாலு போடுங்க, போதும்.

அச்சாணி | ஜூன் 8, இரவு 10.25

மார்த்தாண்டத்தில் வெல்டிங் பட்டறை வச்சிருக்கேன். கன்னியாகுமரி லாட்ஜுகளுக்கு டிவி பிராக்கெட் நிறைய மாட்டிக் கொடுத்திருக்கேன்.

அந்த 45 கிலோ இரும்புக் கைக்குச் சொன்னது. சுவருக்குச் சொன்னது இல்லை. கை ஒடியாம நிக்கும், போல்ட்டு பூச்சோடு உருவிட்டு வரும். நான் பார்த்த வரைக்கும் விழுந்ததெல்லாம் அப்படித்தான் விழுந்தது, கை ஒடிஞ்சு விழுந்ததை நான் பார்த்ததில்லை.

கணக்கு இப்படி. டிவி எடையை, சுவரிலிருந்து அது நிக்கிற தூரத்தால் பெருக்கணும். வந்ததை, பிளேட்டில் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்கணும். மேல் போல்ட்டுகளை வெளியே இழுக்கிற பலம் ஏறக்குறைய அதுதான். இந்த மாதிரி பிளேட்டில் இடைவெளி 18 செ.மீ.க்குப் பக்கம் இருக்கும். 70 செ.மீ. இழுத்தா 15 × 70 = 1050. கையின் எடையையும் சேர்க்கணும், 4 கிலோன்னு வச்சா அது பாதி தூரத்தில் நிக்கிறதா 140. மொத்தம் 1190, 18-ஆல் வகுத்தா 66 கிலோ. மேலே இருக்கிற ரெண்டு போல்ட்டும் சேர்ந்து 66 கிலோ இழுப்பைத் தாங்கணும்.

மடக்கி சுவரோடு 8 செ.மீ.யில் வச்சா அதே டிவி, அதே போல்ட்டு, இழுப்பு வெறும் 8 கிலோ. ஒழுகினசேரி வீட்டு டிவி வருஷக்கணக்கா நிக்கிறதுக்குக் காரணம் இதுதான். அது சுவரோடு ஒட்டித்தானே இருக்கு?

ஒழுகினசேரி | ஜூன் 8, இரவு 10.41

ஒட்டித்தான் இருக்கு. இழுத்துப் பார்த்ததே இல்ல. சரி, அது எனக்குத் தெரியாத கணக்கு. ஆனா கணக்கில் 66 கிலோன்னு வந்தாலும் ஒரு நல்ல 10 எம்எம் ஆங்கர் அதைத் தாராளமா தாங்கும். கான்கிரீட்டில் நூத்துக்கணக்கான கிலோ தாங்குதே.

அச்சாணி | ஜூன் 8, இரவு 10.58

கான்கிரீட்டில் தாங்கும். அவர் சொன்னது வெட்டுக்கல். அது வேற சாதி.

இன்னொண்ணு, 66 கிலோ டிவி சும்மா நிக்கும்போது உள்ள கணக்கு. கொச்சுப் பிள்ளை ஒண்ணு ஓரத்தைப் பிடிச்சு 10 கிலோ அளவுக்குக் கீழே இழுத்தா 70 செ.மீ.யில் இன்னும் 39 கிலோ கூடும். நூறைத் தாண்டிரும்.

கருங்கல்காரன் | ஜூன் 9, காலை 6.50

எனக்கும் இதே சந்தேகம். 27 இன்ச் மானிட்டர், கேஸ் ஸ்பிரிங் உள்ள கை, மேசை விளிம்பில் கிளாம்ப். மேசை கண்ணாடி. எவ்வளவு இழுக்கலாம்?

அச்சாணி | ஜூன் 9, காலை 7.15

தம்பி, இது சுவர்க் கணக்கு, உங்களுது மேசை. கண்ணாடி மேல கிளாம்பை முறுக்கவே முறுக்காதீங்க, இழுக்கிற பேச்சு அப்புறம். மரப்பலகை மேசைக்கு மாத்திட்டு தனியா ஒரு இழை தொடங்குங்க, அங்க வந்து சொல்லுறேன்.

அச்சாணி | ஜூன் 9, மதியம் 1.30

சாப்பிட்டுட்டு உக்கார்ந்து கேள்வியைத் திரும்பப் படிச்சேன். 70 இழுக்கலாமான்னு கேக்குறதுக்கு முன்னாடி, 70 எதுக்குன்னு கேக்கணும். மூலைக்குக் குறுக்கே 45 டிகிரியில் திருப்பணும்னா டிவியின் ரெண்டு ஓரமும் ரெண்டு சுவரிலும் இடிக்காம இருக்கணும். அதுக்கு டிவியின் நடு, ஒவ்வொரு சுவரிலிருந்தும் அகலத்தை 0.354-ஆல் பெருக்கின தூரத்தில் நிக்கணும். 123-க்கு 43 சொச்சம். இடிக்காம இருக்க ஒரு 3 செ.மீ. விட்டு 47-ன்னு வச்சுக்கலாம். 47-க்கு மேல நீங்க இழுக்கிற ஒவ்வொரு செ.மீ.யும் போல்ட்டுக்கு வீண் பாரம்.

47-இல் இழுப்பு என்ன? 705, கைக்கு 94, மொத்தம் 799. 18-ஆல் வகுத்தா 44 கிலோ. 66-லிருந்து 44-க்கு வந்தாச்சு, ஒரு காசு செலவில்லாம.

அடுத்தது பிளேட் வைக்கிற இடம். மூலையிலிருந்து 15 செ.மீ. வேண்டாம். அங்க வச்சா டிவி எப்பவும் சுவரோடு மடங்காது. டிவியின் பாதி அகலம் 61.5 செ.மீ. பிளேட் 15-இல் இருந்தா மடக்கும்போது டிவியின் ஓரம் அடுத்த சுவரில் போய் முட்டும். ராத்திரி, பகல், பாத்தாலும் பாக்காட்டியும் டிவி வெளியேயே நீட்டிக்கிட்டு நிக்கும். போல்ட்டுக்கு ஓய்வே கிடையாது. அது மட்டும் இல்லை, 15-லிருந்து அந்த 47-க்கு 47 புள்ளியைத் தொடணும்னா பக்கவாட்டில் 32, வெளியே 47, ஆக கை 57 செ.மீ. நீளணும்.

பிளேட்டை மூலையிலிருந்து 65-இல் வையுங்க. மடக்கினா டிவி சுவரோடு சப்பையா படியும், ஓரம் முட்டாது. இழுத்தா பக்கவாட்டில் 18, வெளியே 47, கை 50 செ.மீ. போதும். மூலைக்குப் பக்கத்தில் அடிச்சாதான் மூலைக்கு வரும்னு எல்லாரும் நினைக்காவ. தள்ளி அடிச்சாதான் நல்லா வரும்.

பத்மநாபபுரத்தான் | ஜூன் 9, இரவு 8.05

இது எனக்குத் தோணவே இல்லை. டிவி வந்த அட்டைப்பெட்டியில் 123 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டி மூலையில் குறுக்கே பிடிச்சுப் பார்த்தேன். நீங்க சொன்ன மாதிரியேதான் நிக்குது. அம்மையை நாற்காலியில் இருத்தி, எந்தச் சாய்வில் தெரியுதுன்னு அட்டையை மெல்ல மெல்ல திருப்பினேன். 45 வரைக்கும் போகவே வேண்டாம். 30-லேயே "நல்லா தெரியுது மக்கா"ன்னு சொன்னாவ. சோபாவிலிருந்தும் பரவாயில்லை.

அச்சாணி | ஜூன் 9, இரவு 8.30

அப்படின்னா வேலை பாதியாச்சு. 30 டிகிரிக்கு டிவியின் நடு சுவரிலிருந்து அகலத்தில் கால்பங்கு தள்ளி நின்னா போதும். 31, இடைவெளி விட்டு 35. இழுப்பு 33 கிலோ. அடுத்த சுவர்ப் பக்கமும் பார்க்கணும்: அந்தப் பக்கம் நடு 57 தள்ளி நிக்கணும். பிளேட் 65-இல் இருக்கு, அதனால பக்கவாட்டில் 8 நகர்ந்தாலே சரியாப் போச்சு. 40 செ.மீ. கை உள்ள பிராக்கெட்டே போதும், 70 வாங்க வேண்டாம். கை குட்டையா இருந்தா யாரும் ஆசைப்பட்டாலும் அதிகமா இழுக்க முடியாது. அதுவே ஒரு காவல்.

கடலோரம் | ஜூன் 10, காலை 10.20

முட்டத்தில் இருக்கோம். கடல் காத்து நேரா வீட்டுக்குள்ள வரும். எங்க பிராக்கெட்டில் கணக்கெல்லாம் சரிதான், 32 இன்ச் சின்ன டிவி, கொஞ்சம்தான் இழுப்போம். ஆனா துரு. கை மடங்குற முட்டியில் பெயிண்ட் உரிஞ்ச இடத்தில் முதல்ல ஆரம்பிச்சது. திருப்புறப்போ கரகரன்னு சத்தம். அப்புறம் போல்ட்டு தலைக்குக் கீழே சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு கோடு இறங்குச்சு. கழட்டிப் பார்த்தா வெளியே தெரியாத பாகம்தான் அதிகம் அரிச்சிருந்தது. பூச்சுக்குள்ள இருந்த பகுதி பென்சில் முனை மாதிரி ஆயிருச்சு. கடல் பக்கம் உள்ளவங்க இதையும் யோசிக்கணும்.

அச்சாணி | ஜூன் 10, காலை 11.00

அக்கா சொன்னது ரொம்ப முக்கியம். முட்டம், குளச்சல், கன்னியாகுமரி டவுன் இங்கெல்லாம் நான் துத்தநாகம் பூசின சாதா போல்ட்டு போடுறதே இல்லை. எஸ்எஸ் 316 கிடைச்சா அது, இல்லேன்னா 304. 304-ம் கடலுக்கு ரொம்பப் பக்கத்தில் புள்ளி புள்ளியா கறுக்கும், ஆனா சாதா இரும்பு மாதிரி அரிச்சுப் போகாது. முட்டியில் கிரீஸ் வச்சு, பெயிண்ட் போன இடத்தைத் தேய்ச்சு பிரைமர் அடிங்க. அந்தப் பழுப்புக் கோட்டைப் பார்த்த அன்னைக்கே கழட்டினது நல்லது.

கொத்தன்_மகன் | ஜூன் 10, மாலை 5.45

குலசேகரம். அப்பா வெட்டுக்கல் வேலை செய்தவர், நானும் அவர்கூட சுவர் நிறைய இடிச்சிருக்கேன், கட்டியிருக்கேன். வெட்டுக்கல்லை ஒரே உறுதின்னு நினைக்காதீங்க. ஒரு கல்லுக்குள்ளேயே ஒரு பக்கம் இரும்பு மாதிரி இருக்கும், இன்னொரு பக்கம் ஓட்டையும் மண் பொதியுமா இருக்கும். வெளியே பூச்சு இருக்கிறதால கண்ணுக்குத் தெரியாது. டிரில் போடும்போது வர்ற தூளைப் பாருங்க. முதல்ல சாம்பல் நிறம், அது பூச்சு. அப்புறம் செம்மண் நிறம், கல் வந்தாச்சு. சரசரன்னு ஒரே சீரா போனா நல்ல கல். நடுவில் டிரில் திடீர்னு தானா உள்ளே பாய்ஞ்சா அங்க பொதி இருக்கு. அந்த ஓட்டையை விட்டுட்டு பக்கத்தில் போடுங்க.

ஹாமரை ஆஃப் பண்ணிட்டு வெறும் சுத்துலயே போடுங்க. ஹாமரில் போட்டா 10 எம்எம் ஓட்டை 13 ஆயிரும், கல் ஓரம் பொடிஞ்சிரும்.

விரியுற ஆங்கர் இதுக்கு ஆகாது. முறுக்க முறுக்க அது விரிஞ்சு பக்கத்துக் கல்லை நெருக்கும், கல் பொடியும், ஸ்பேனர் இறுகாம சுத்திக்கிட்டே இருக்கும். அப்படி சுத்தினா அந்த ஓட்டை செத்துச்சு, எவ்வளவு பெரிய போல்ட்டு போட்டாலும் பிடிக்காது.

ஒழுகினசேரி | ஜூன் 10, மாலை 6.10

அப்ப கெமிக்கல் ஆங்கர் போட்டா? பசை மாதிரி ஊத்தி கம்பியை வச்சா எந்தக் கல்லும் பிடிக்குமே.

கொத்தன்_மகன் | ஜூன் 10, மாலை 6.32

பிடிக்கும், ஓட்டையைச் சுத்தமா ஊதி எடுத்தா. தூள் இருந்தா பசை தூளைத்தான் பிடிக்கும், கல்லைப் பிடிக்காது. இப்ப ஆனி பிறக்கப் போற நேரம், மழைச் சுவர் உள்ளுக்குள்ள ஈரமா இருக்கும். தூள் சேறா ஒட்டும், பம்ப் அடிச்சாலும் வராது. அதனால நான் இந்தச் சுவருக்கு ஒரே வழிதான் சொல்லுவேன்: மறுபக்கம் வரைக்கும் துளைச்சு, கம்பி விட்டு, அந்தப் பக்கம் தகடு வச்சு நட்டு போடுறது. கல் எப்படி இருந்தாலும் சுவரே முழுசா பிடிச்சுக்கும்.

அச்சாணி | ஜூன் 10, இரவு 9.15

மறுபக்கம் போற வழி உள்ள சுவர்னா அதுதான் சிறந்தது, ஒத்துக்கிறேன். மறுபக்கம் வெளிச்சுவரா இருந்து மழை அடிச்சா? அந்த ஓட்டை வழியா தண்ணி உள்ளே வரும். அங்க நான் வலைக்குழாய் விட்டு கெமிக்கல்தான் போடுறேன், ஆனா வெயில் காலத்தில், காய்ஞ்ச சுவரில். பசை டியூப் மேல் எழுதின நேரம் முழுசும் விட்டுட்டுத்தான் பாரம் ஏத்துவேன்.

இன்னொரு விஷயம் விட்டுப் போச்சு. நான் முதல்ல சொன்ன கணக்கில் கீழே 18 இருக்கே, அதை மாத்த முடியும். எல்லாரும் மேலே உள்ள தூரத்தைத்தான் பார்க்காவ. பிராக்கெட்டை நேரா சுவரில் அடிக்காம, முதல்ல 6 எம்எம் கனத்தில் 60 செ.மீ. உயரமுள்ள இரும்புப் பட்டை ரெண்டை நிறுத்தி சுவரில் பிடிச்சு, அதன் மேல் பிராக்கெட்டைப் பூட்டினா, மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடைவெளி 50 ஆகும். 45 டிகிரியில் 799 வந்துதே, அதை 50-ஆல் வகுங்க. 16 கிலோ. 44 இருந்த இடத்தில் 16. அது மட்டும் இல்லை, போல்ட்டு ஒரே கல்லில் விழாது. ஒரு கல் பொதியா இருந்தாலும் அடுத்த கல் காப்பாத்தும்.

பட்டை வளையக் கூடாது, அதுதான் நிபந்தனை. மெல்லிய தகடோ ஒத்தைப் பிளைவுட்டோ வச்சா நடுவில் வளையும், பாரம் திரும்பவும் நடு போல்ட்டுக்கே வந்து சேரும். 6 எம்எம் பட்டை கிடைக்கலைன்னா 25க்கு 50 பாக்ஸ் பைப் ரெண்டு துண்டு வச்சுக்கலாம். ஆனா பைப் பட்டையை விடப் பருமன், டிவி சுவரிலிருந்து அவ்வளவுக்கு முன்னால வரும், அந்த தூரத்தையும் கணக்கில் சேர்க்கணும்.

ஒழுகினசேரி | ஜூன் 11, காலை 7.05

இது கொள்ளாம். ஆனா பட்டை வெளியே தெரிஞ்சா ஹால் அசிங்கமா இருக்காதா?

அச்சாணி | ஜூன் 11, காலை 7.40

சுவர் நிறத்தில் பெயிண்ட் அடிச்சா டிவிக்குப் பின்னால் தெரியாது. டிவியின் உயரம் 70 செ.மீ.க்குப் பக்கம், பட்டை 60. முழுசா மறைஞ்சிரும்.

கடலோரம் | ஜூன் 11, காலை 9.30

டிவியைத் தொங்கவிடுறதுக்கு முன்னால சுவர் தாங்குதான்னு சோதிக்க வழி இருக்கா? அடுத்த தடவை மாட்டும்போது நிம்மதியா இருக்கும்.

அச்சாணி | ஜூன் 11, காலை 10.10

இருக்கு. டிவி இல்லாம வெறும் கையை மட்டும் மாட்டி, நீங்க பயன்படுத்தப் போற தூரத்துக்கு இழுத்து வையுங்க. நுனியில் தண்ணி கேனைக் கயிறு கட்டித் தொங்கவிடுங்க. 20 லிட்டர் கேன் நிரப்பினா தண்ணி மட்டும் 20 கிலோ. பத்மநாபபுரத்தாரின் டிவி 15, ரெண்டு மடங்கு 30 வேணும்னா இன்னொரு பக்கெட்டில் 10 லிட்டர். ஒரேயடியா ஏத்தாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா. கீழே மெத்தை போடுங்க, யாரும் அடியில் நிக்க வேண்டாம்.

ஏத்துறதுக்கு முன்னால பிளேட்டின் மேல் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு கல்யாணக் கார்டை நுழைச்சுப் பாருங்க. நுழையாது. ராத்திரி முழுக்கத் தொங்கவிட்டுட்டுக் காலையில் அதே கார்டை அதே இடத்தில் நுழைச்சுப் பாருங்க. நுழைஞ்சா மேல் போல்ட்டு வெளியே வர ஆரம்பிச்சிருக்கு, இடத்தை மாத்தணும். தரையில் புதுசா சிவப்புத் தூள் விழுந்திருந்தா அதுவும் அதே அடையாளம்தான். போல்ட்டைச் சுத்தி பூச்சில் பிறை மாதிரி ஒரு கீறல் வந்தாலும் கவனிங்க.

ஒழுகினசேரி | ஜூன் 11, காலை 10.25

ஒரு ராத்திரி தாங்கிச்சுன்னா பிறகு பயமில்லை, இல்லையா?

அச்சாணி | ஜூன் 11, காலை 11.50

அப்படிச் சொல்ல முடியாது. சும்மா நிக்கிற பாரம் வேற, தினம் இழுத்து மடக்குற ஆட்டம் வேற. ஆட்டத்தில்தான் ஓட்டை மெல்ல மெல்ல அகலும். கேன் சோதனை அன்னைக்கு உள்ள நிலையைத்தான் சொல்லும். முதல் மாசம் ரெண்டு தடவையாவது கார்டை வச்சுப் பாருங்க, அப்புறம் மழை தொடங்கும்போதும் முடியும்போதும். நம்ம ஊரில் ரெண்டு மழையும் உண்டு, சுவர் ஈரம் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கும்.

டிவி முன்பக்கம் சாய்ஞ்சு தெரிஞ்சா எல்லாத்துக்கும் போல்ட்டைக் குத்தம் சொல்லாதீங்க. முட்டியில் உள்ள ஆட்டத்தாலயும் சாயும், அதை மட்டம் பார்க்கிற திருகில் சரி பண்ணிரலாம். பிளேட் அசையாம டிவி மட்டும் சாய்ஞ்சா முட்டி. பிளேட்டும் சேர்ந்து அசைஞ்சா சுவர்.

கருங்கல்காரன் | ஜூன் 12, இரவு 7.20

மர மேசைக்கு மாத்திட்டேன். இங்கயே கேக்கலாமா, தனி இழை தொடங்கணுமா?

பத்மநாபபுரத்தான் | ஜூன் 13, மாலை 4.15

முடிவு சொல்லுறேன். 40 செ.மீ. கை உள்ளதை வாங்கியாச்சு. பிளேட் மூலையிலிருந்து 65-இல். சுவரின் மறுபக்கம் படுக்கை அறை அலமாரி, அதனால கொத்தன்_மகன் சொன்ன மாதிரி முழுசும் துளைச்சு, அலமாரிக்குள்ள தகடு வச்சு நட்டு போடப் போறேன். அச்சாணி அண்ணனிடமிருந்து 60 செ.மீ. பட்டை ரெண்டு வருது. ஆனா ஒரு பயம். அலமாரிக்கு மேலே ஒரு சுவிட்ச் போர்டு இருக்கு. வயர் குழாய் எந்தப் பக்கம் இறங்குதுன்னு தெரியலை.

அச்சாணி | ஜூன் 13, மாலை 5.00

போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் ஒரு சாண் அகலத்துக்குத் துளைக்கவே வேண்டாம், பெரும்பாலும் குழாய் நெட்டாத்தான் இறங்கும். பழைய வீட்டில் சாய்வா ஓட்டினதும் உண்டு. அதனால மெயினை ஆஃப் பண்ணிட்டு போர்டைத் திறந்து, குழாய் எந்தப் பக்கம் வாய் திறந்திருக்குன்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. சந்தேகம் தீரலைன்னா வயரிங்காரரைக் கூட்டிட்டு வந்து காட்டிட்டுத் துளைங்க. துளைக்கும்போதும் மெயின் ஆஃபிலேயே இருக்கட்டும், டிரில்லுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து லைன் இழுத்துக்கங்க.

கொத்தன்_மகன் | ஜூன் 13, மாலை 5.30

ஹால் பக்கமிருந்து முக்கால் பாகம் துளைச்சதும் நிறுத்திட்டு, அளந்து மறுபக்கமிருந்து வாங்க. ஒரே பக்கமா தள்ளினா அலமாரிப் பக்கம் பூச்சு தட்டு அளவுக்குப் பெயர்ந்து விழும். பிறகு, கெமிக்கல் விஷயத்தில் அண்ணன் சொன்னதை நான் இன்னும் முழுசா ஒத்துக்கலை. வெயில் காலத்திலும் வெட்டுக்கல்லுக்குள்ள ஈரம் இருக்கும். வெளிச்சுவர்னா அந்த இடத்தில் டிவியே வேண்டாம்னுதான் நான் சொல்லுவேன்.

அச்சாணி | ஜூன் 13, இரவு 8.45

அதைத் தனியா பேசுவோம். ரெண்டு ஓட்டையில் ரெண்டு விதமா போட்டு, கேன் தொங்கவிட்டு ஒரு மழைக்காலம் விட்டுப் பார்த்தாதான் தெரியும். பட்டறைக்குப் பின்னால ஒரு வெட்டுக்கல் மதில் நிக்குது, வா.